அம்மையாரின் குரல்

கிள்ளானில் முறுக்கும் அதிரசமும் செய்து விற்கும் சிறு நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்து நடத்திவருகிறார் ஓர் அம்மையார். இன்ஸ்டாகிராமில் படங்களின்கீழ் இடம்பெறும் குறிப்புகளைத் தொடக்கத்தில் அவரே எழுதிவந்தார். வேலை பெருகவே, அப்பொறுப்பு ஓர் இளம்பெண்ணிடம் வந்து சேர்ந்தது. குறிப்பு அம்மையாரின் பெயரில்தான் வெளிவரும். சொல்லவேண்டியதை அவர் வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்பிவைப்பார்.

தீபாவளிக்கு முன்னர் ஒருநாள் வந்த பதிவு நான்கு நிமிடம் நீண்டது. "எண்ணெய் ரொம்பக் காஞ்சுபோச்சு லா. வெளிய செவந்திருக்கு, கடிச்சா உள்ள மாவு. நூறு பாக்கெட். விக்கல. தம்பி திட்டுவான், திட்டட்டும் லா," என்பது அதன் சாரம். இளம்பெண் எழுதினாள்: "தரத்தில் நாங்கள் ஒருபோதும் சமரசம் செய்துகொள்வதில்லை." தேர்வுக் கட்டுரையில் இத்தொடருக்கு மதிப்பெண் கிடைத்திருக்கலாம். அம்மையாரோ, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நான் இல்லம்மா," என்றார்.

மறுமுறை அவள் பதிவைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தெழுதினாள். "லா" உட்பட எதனையும் விடவில்லை. "பேசினா அப்படித்தான் பேசுவேன். எழுதினா அப்படியா எழுதுவேன்?" என்று அதுவும் திரும்பிவந்தது.

அதன்பிறகே பழைய குறிப்புகளைத் தேடியெடுத்தாள். இடைக்காலத்தில் விளம்பரக்காரர் எழுதித் தந்தவற்றை முதலில் விலக்கினாள். அவற்றையும் சேர்த்துப் படித்தால் இல்லாத குரலொன்றைக் கற்கநேரும். எஞ்சிய நாற்பதில் ஓரிடத்திலும் "லா" இல்லை. "நாங்கள்" இல்லை, "நான்" மட்டுமே. நடந்ததைச் சொல்லித் தொடங்குவார். வாக்கியம் எட்டுச் சொற்களைத் தாண்டுவது அரிது. பொருளையும் அதன் வரிசையையும் குரல்பதிவிலிருந்து பெறலாம். எழுதும்போது அவர் எப்படி அடங்குவார் என்பதைப் பழைய எழுத்தே காட்டும் என்பது அப்போது விளங்கிற்று.

மூன்றாம் வரைவு இவ்வாறு அமைந்தது: "நேற்று எண்ணெய் அதிகம் காய்ந்துவிட்டது. முறுக்கு வெளியே சிவந்தது, உள்ளே வேகவில்லை. நூறு பாக்கெட்டை விற்காமல் ஒதுக்கினேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் புதிதாகச் சுட்டுத் தருகிறேன்." தம்பியின் கோபம் வீட்டுக்குள் இருக்கவேண்டியது எனக் கருதி, கேட்டபின் அதனை விட்டிருந்தாள்.

அம்மையார் படித்துச் சிரித்தார். உடனே முகம் மாறினார். "ஞாயிற்றுக்கிழமைன்னு யார் சொன்னா? மாவு அரைக்கவே திங்கள் ஆயிடும். வாடிக்கையாளர் வாசல்ல வந்து நின்னா என்னையல்லவா கேப்பாங்க?"

குரல் அவ்வளவு பொருந்தியிருந்ததனாலேயே அப்பொய்யை எவரும் ஐயுற்றிருக்கமாட்டார்கள். கடைசி வாக்கியத்தை நீக்கிவிட்டே குறிப்பு வெளிவந்தது. இப்போதெல்லாம் வரைவின் ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும், அது பதிவின் எந்த நிமிடத்தில் சொல்லப்பட்டது என்று அவள் பென்சிலால் குறித்துக்கொள்கிறாள். எண் எழுத இயலாத வாக்கியத்தை அம்மையாரிடம் கேட்ட பின்னரே சேர்க்கிறாள்.