ஷாடெ! சனிக்கிழமை போலாமா?

"ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை இருக்கு, வர முடியாது"ன்னு ஒருத்தர் உங்ககிட்ட சொன்னா என்ன பதில் சொல்வீங்க? "அச்சச்சோ"ன்னு சொல்வீங்க. "அப்ப சனிக்கிழமை?"ன்னு கேட்பீங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரொம்ப நல்லது!"

அதுவும் சிரிச்ச முகத்தோட, ஜெர்மன் மொழியில, பரீட்சை ஹால்ல, ரெண்டு தேர்வாளர்கள் பார்த்துக்கிட்டு இருக்கும்போது.

நான் பி.எஸ்ஸி. நர்ஸிங் கடைசி வருஷம். ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் போகணும்னா மொழி கட்டாயம். முதலில் பி1, அப்புறம் பி2 என்று படி ஏறணும். நான் எழுதியது கோதே பி1. படிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது என நாலு பகுதி. ஒவ்வொன்றுக்கும் 100 மார்க், 60 எடுத்தால் பாஸ். மூணில் தப்பித்துவிட்டேன். பேசுவதில் 52! அந்த ஃபீஸ், அம்மா சீட்டுப் பணத்தில் கட்டியது. ரிசல்ட்டை போனில் சொன்னப்போ அம்மா திட்டவே இல்லை. "சாப்பிட்டியா?"ன்னு மட்டும் கேட்டாங்க. திட்டியிருந்தாலாவது தேவலை.

எங்கே மார்க் போச்சு? என் கைக்கு வந்தது வெறும் 52 என்கிற எண்தான். அதனால் அந்தக் கால் மணி நேரத்தை நானே மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

பேச்சுத் தேர்வில் இரண்டிரண்டு பேராக உட்கார வைப்பாங்க. அதற்கு முன்னால் கால் மணி நேரம் தயாராக டைம் உண்டு. முதல் பகுதியில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு விஷயத்துக்குத் திட்டம் போடணும். எங்களுக்கு வந்தது, ஆஸ்பத்திரியில் இருக்கும் நண்பரைப் பார்க்கப் போவது. எப்போ போறது, எப்படிப் போறது, என்ன வாங்கிட்டுப் போறது... நர்ஸிங் ஸ்டூடன்ட்டுக்கு ஆஸ்பத்திரிக் கேள்வி! லட்டு மாதிரி வந்திருக்குன்னு நினைச்சேன். கிடைத்த கால் மணி நேரத்தில் எல்லாத்துக்கும் நானே பதில் எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, பஸ், பூ, பழம். உள்ளே போனதும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

என் பார்ட்னர் அண்ணா பொறுமையாகக் காத்திருந்து சொன்னார், "ஆம் சோன்டாக் முஸ் இஷ் ஆர்பைட்டன்." ஞாயிற்றுக்கிழமை நான் வேலை செய்யணும். எனக்கு அது நன்றாகவே புரிந்தது. ஆனாலும் என் பேப்பரில் அடுத்த வரி பஸ் பற்றி இருந்ததே! "யா, ஸேர் கூட்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிட்டேன்.

இரண்டாம் பகுதியில் ஒரு தலைப்பில் சுமார் மூணு நிமிஷம் தனியாகப் பேசணும். அஞ்சு படிகள்: தலைப்பு அறிமுகம், சொந்த அனுபவம், நம்ம நாட்டில் நிலைமை, நன்மை தீமையோடு நம் கருத்து, கடைசியில் முடிவுரையும் நன்றியும். இதற்காக பன்னிரண்டு தலைப்புகளை வரிக்கு வரி நெட்டுரு போட்டிருந்தேன். அதில் ஒன்று, குழந்தைகளுக்கு செல்போன் தேவையா என்பது, அப்படியே வந்தது. ஆனால் நாலாவது படியில் ஒரே ஒரு வார்த்தை மறந்தது. அதுக்கு அப்புறம் இருந்த அத்தனையும் மறந்தது. மனப்பாடத்தில் இதுதான் வில்லங்கம்... வார்த்தைகள் ரயில் பெட்டி மாதிரி கோத்திருக்கும், ஒன்று தடம் புரண்டால் பின்னால் வருவதெல்லாம் நின்றுவிடும்.

மூணாம் பகுதிதான் உச்சகட்டம். பார்ட்னர் பேசியதைப் பற்றிக் கருத்துச் சொல்லி, ஒரு கேள்வியும் கேட்கணும். அவர் வீட்டுச் சமையலா, ஓட்டல் சாப்பாடா என்று பேசினார். தான் தனியாகத் தங்கியிருப்பதாகவும், தினமும் தானே சமைப்பதாகவும் சொல்லியிருக்கிறார். நான் எங்கே கேட்டேன்? எனக்குள் என் செல்போன்தான் ஓடிக்கிட்டு இருந்தது. "உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?" என்று கேட்டேன். பாவம், அவர் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.

இதையெல்லாம் என் ஜெர்மன் மிஸ்ஸிடம் சொன்னேன். "உனக்குப் பேச வராம இல்ல. நீ அடுத்தவங்களைக் கேக்கல"ன்னாங்க. பன்னிரண்டு பேப்பரையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிட்டாங்க. (சாவியை இன்னும் தரலை.)

என் ரூம்மேட்டுக்கு ஜெர்மன் சுத்தமாகத் தெரியாது. அவளை உட்கார வைத்து, அதே ஆஸ்பத்திரி விஷயத்தைத் தமிழில் பேசச் சொன்னாங்க மிஸ். நான் எதைச் சொன்னாலும் முதல் தடவை அவள் "முடியாது"ன்னு சொல்லணும். அதுதான் விளையாட்டு. போனில் ரெக்கார்ட் செய்து கேட்டுப் பார்த்தோம். "சனிக்கிழமை போலாமா?" "ஐயோ, டியூட்டி." "அப்ப சாயங்காலம்?" "ம்... அது ஓகே. பூ வாங்கலாமா?" "எதுக்குடி பூ, பழம் வாங்கு." தமிழில் நான் பேசிய எந்த வரியும் நாலு வார்த்தையைத் தாண்டலை! ஜெர்மனில் மட்டும் எதுக்கு முழ நீளத்துக்குப் பேசினேன்?

அந்தச் சின்ன வரிகளுக்கு மட்டும் ஜெர்மன் தேடினோம். 'அடடா' என்பதற்கு 'ஷாடெ'. 'சனிக்கிழமை முடியுமா' என்பதற்கு 'கேட் எஸ் ஆம் ஸாம்ஸ்டாக்?' புரியலைன்னா 'வீ பிட்டெ?' கைக்கு அடக்கமாக ஒரு பத்து வரி இருக்கும்.

இன்னொன்றும் கண்டுபிடிச்சோம். நான் ஜெர்மனை இங்கிலீஷ் வழியாக யோசிச்சிருக்கேன். 'எனக்கு நைட் டியூட்டி இருக்கறதால' என்பதை 'வைல் இஷ் ஹாபெ நாஹ்ட்தீன்ஸ்ட்' என்றே சொல்லி வந்தேன். இங்கிலீஷ் மாதிரி 'ஹாபெ' நடுவில். அது தப்பு. 'வைல்' வந்தால் வினைச்சொல் கடைசிக்குப் போகணும்: 'வைல் இஷ் நாஹ்ட்தீன்ஸ்ட் ஹாபெ.' தமிழில் 'இருக்கறதால' கடைசியில் வருதே, அதே மாதிரி! ஜெர்மன் முழுக்க இப்படி இல்லைங்க. சாதாரண வாக்கியத்தில் வினை இரண்டாவது இடத்தில்தான் நிற்கும். ஆனால் 'வைல்' வரும்போது மட்டும் மனசுக்குள் தமிழைக் கூப்பிட்டுக்கிறேன். தடுமாற்றம் பாதியாகக் குறைஞ்சிருக்கு.

தனிப் பேச்சுக்கு இப்போ அஞ்சு துண்டுச் சீட்டுதான். ஒரு படிக்கு ஒரு சீட்டு, ஒரு சீட்டில் நாலைந்து சொற்கள், முழு வாக்கியம் கூடாது. ஒரே தலைப்பை மூணு நாள் பேசினால் மூணு விதமாக வருது. தப்பும் வருது. ஆனால் ஒரு வார்த்தை மறந்தால் பக்கத்து வார்த்தையைப் பிடிச்சு ஏறிட முடியுது. முதல் ரெக்கார்டிங் ஒரு நிமிஷம் பத்து வினாடியில் முடிந்துபோச்சு, அவ்வளவு அவசரம். நேற்று இரண்டு நிமிஷம் ஐம்பது.

பாஸான மூணு பகுதியையும் மறுபடி எழுத வேண்டியதில்லை. பேச்சு மட்டும்தான், வர்ற வியாழக்கிழமை. இந்த முறை ஃபீஸ் என் ஸ்டைபண்டில் கட்டினேன். அம்மாவிடம் தேதி சொல்லலை. சொன்னால் அவங்களுக்குத் தூக்கம் போயிடும்.

நேற்று ராத்திரி மெஸ் க்யூவில் ரூம்மேட் கேட்டாள், "ஞாயித்துக்கிழமை படத்துக்குப் போலாமாடி?"

"டியூட்டிப்பா"ன்னேன்.

ஜெர்மன் தெரியாத அந்தப் பொண்ணு, தட்டை நீட்டிக்கிட்டே சொன்னாள், "ஷாடெ! கேட் எஸ் ஆம் ஸாம்ஸ்டாக்?"