மெல்லிய புருவமும் கடற்காற்றும்

மார்க்க வகுப்புக்கு வரும் பெண்கள் தங்கள் கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புவார்கள். "புருவம் ஐதாக இருக்கிறது. பென்சிலால் வரைந்தால் வுழூ கூடுமா?" என்பது அவற்றில் அடிக்கடி வரும் ஒன்று. பதில் சொல்வதற்காகப் பென்சில், பவுடர், சாயம் மூன்றையும் பற்றி விசாரித்தேன். நயினாதீவில் குடியிருந்து, தினமும் படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, பஸ் பிடித்துப் பள்ளிக்கூடம் போகும் என் தங்கை மூன்றையும் பாவித்துப் பார்த்தவள். அவள் சொன்னதையும் கேட்டு எழுதுகிறேன்.

முதலில் நம் தீவுகளின் நிலைமையைப் பாருங்கள். காற்றில் ஈரம் கூடிய நாளில் வியர்வை ஆவியாகாமல் தோலிலேயே நிற்கும். படகில் உப்புத் தூவானம் வேறு. முகத்தை முந்தானையால் துடைக்கத் துடைக்க, பூசியது கரைவதை விடத் துடைபட்டுப் போவதே அதிகம்.

புருவப் பென்சில் மெழுகும் எண்ணெயும் நிறமண்ணும் சேர்த்துச் செய்யப்படுவது. முடியே இல்லாத இடத்திலும் கோடு வரையலாம் என்பது அதன் நன்மை. உடற்சூட்டிலும் தோலின் எண்ணெயிலும் மெழுகு இளகி, மதியத்துக்குள் கண்ணிமைப் பக்கம் இறங்கும் என்பது குறை. 'நீர் புகாதது' என்று எழுதிய பென்சில் அப்படி எளிதில் இறங்காது. ஆனால் சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

நம் ஷாபிஈ மத்ஹபில் புருவ முடியையும் அதன் அடியிலுள்ள தோலையும் கழுவுவது, புருவம் அடர்த்தியாக இருந்தாலும், வுழூவின் கடமை. வெறும் நிறம் தோலில் ஏறியிருப்பது தண்ணீரைத் தடுக்காது. படையாக ஒட்டியிருக்கும் பொருள் தடுக்கும். ஈர விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். விரலில் மெழுகு பிசுபிசுத்து வந்தால் அது படை. அதை வெறும் தண்ணீர் நீக்காது. தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

"நானா, லுஹருக்கு எண்ணெயும் சவர்க்காரமும் தேடி, திரும்பவும் வரைவதற்கு இடைவேளை போதாது" என்றாள் தங்கை. நியாயமான பேச்சு.

பவுடர் இதற்கு நேர்மாறு. சரிவாக வெட்டிய சிறு தூரிகையால், உலர்ந்த தோலில் ஒற்றி ஒற்றி வைத்தால் இயற்கையாகத் தெரியும். சாதாரணப் பவுடர் தண்ணீருக்குக் கரைந்து போவதால் வுழூவுக்கு வசதி. ஆனால் பற்றிக்கொள்ளக் கொஞ்சமாவது முடி வேண்டும். வெறுந்தோலில் வைத்தால் ஒரே துடைப்பில் போய்விடும். காலையில் கிறீம் பூசிய நெற்றியில் திட்டுத் திட்டாகவும் நிற்கும்.

மூன்றாவது சாயம். கடையில் பெட்டியாக வரும் கறுப்புச் சாயங்கள் பலவற்றில் 'பிபிடி' எனப்படும் இரசாயனம் உண்டு. அது ஒவ்வாத தோலில் வீக்கமும் கொப்புளமும் வரும். கண்ணருகே வந்தால் ஆபத்து. 'கறுப்பு மருதோன்றி' என்ற பெயரில் வருவதிலும் அது கலந்திருக்கலாம், ஏனெனில் அசல் மருதோன்றி ஒருபோதும் கறுப்பாகப் பிடிக்காது. முடிச்சாயப் பெட்டிகளிலேயே புருவத்துக்குப் பாவிக்க வேண்டாம் என்று எச்சரிக்கை அச்சிட்டிருக்கும்; வாங்குமுன் வாசியுங்கள்.

தங்கை கடைசியில் தேர்ந்த வழி வீட்டு முற்றத்து மருதோன்றிதான். இலையை நைசாக அரைத்து, முதலில் காதுக்குப் பின்னால் சிறிது பூசி இரண்டு நாள் பார்த்தாள். அரிப்பு இல்லை. பிறகு விடுமுறைக்கு முதல் நாள் இரவு, புருவத்தைச் சுற்றி வாஸ்லின் தடவி எல்லை கட்டி, தீக்குச்சி நுனியால் விழுதை வைத்து, அரை மணி நேரத்தில் கழுவினாள். கண்ணுக்குள் இறங்காமல் நிமிர்ந்தே இருந்தாள். முதலில் செம்மஞ்சள்; மறுநாள் பழுப்பாக இருண்டது. தோலில் ஏறிய நிறம் சில நாளில் மங்கிவிடும், முடியில் வாரக்கணக்கில் நிற்கும். செம்மை தெரியாமலிருக்க, காலையில் மேலே பழுப்புப் பவுடரை ஒற்றிக்கொள்கிறாள். லுஹருக்கு முகம் கழுவும்போது பவுடர் போகும். அடியிலுள்ள நிறம் நிற்பதால் புருவம் வெறுமையாகத் தெரிவதில்லை. வியர்த்தால் தேய்க்காமல் கைக்குட்டையால் ஒற்றி எடுக்கிறாள்.

இதற்கும் எல்லை உண்டு. முடி அறவே இல்லாத இடத்தில் மருதோன்றி மங்கலான கறையாகவே தெரியும். கறுத்த முடியுள்ளவர்களுக்கு அது முடியின் நிறத்தை மாற்றாது, இடைவெளியை மட்டுமே நிரப்பும். அங்கே பென்சில்தான் உதவும். வுழூவுக்கு முன் நீக்கிவிட வேண்டும். பச்சை குத்துவதுபோல் ஊசியால் நிறமேற்றும் முறைக்குப் போகாதீர்கள். அது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது.

இன்னொன்று. புருவத்தின் வெளிப்புற மூன்றிலொரு பங்கு தானாகவே உதிர்ந்து, களைப்பும் உடல் பருமனும் சேர்ந்து வந்தால், அது தைரொயிட் குறைபாடாக இருக்கலாம். அப்போது பென்சில் தேடாமல் வைத்தியரிடம் சென்று இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள்.