மூன்றாவது கட்டம்

ராஜபாளையத்தில் நான் பிளஸ் ஒன் படித்தபோது மாணவர் மன்றச் செயலாளர். அந்த மினிட்ஸ் நோட்டைத்தான் இத்தனை வருஷம் கழித்தும் தேடுகிறது மனசு. நீள நோட்டு, பைண்டு செய்தது. முதல் வேலையாகப் பக்கங்களுக்கெல்லாம் எண் போடச் சொன்னார் தமிழ் ஐயா. நடுவில் ஒரு தாளைக் கிழித்தால் தெரிந்துவிடும். எழுதி முடித்து மிச்சமிருக்கும் வெற்றிடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுக்க வேண்டும். பின்னால் யாரும் ஒரு வரி சொருக முடியாது. அடித்தல் இருந்தால் பக்கத்தில் சுருக்கொப்பம். பிள்ளைகள் விளையாட்டுக்கு இவ்வளவு கெடுபிடியா என்று அப்போது சிரித்தோம்.

முதல் கூட்டத்துக்கு, நடந்த பேச்சையெல்லாம் வசனம் வசனமாக எழுதிக்கொண்டு போனேன். ஐயா படித்துவிட்டு, "ஏம்மா, நாடகமா எழுதியிருக்க? யாரு என்ன பேசுனாங்கறது வேண்டாம். என்ன முடிவாச்சு, யாரு முன்மொழிஞ்சா, யாரு வழிமொழிஞ்சா, அது போதும்" என்றார். எதிர்ப்பு இருந்தால் மட்டும் எத்தனை பேர் என்று குறிக்க வேண்டும். "ஏற்பாடு செய்யப்படும்" என்ற சொற்களைக் கண்டால் சிவப்பு மையில் வட்டம் போடுவார். "யாரு செய்வா? ஊரா செய்யும்?" என்பார். அப்படித்தான் பக்கத்தை நான்கு கட்டமாகக் கோடு போட்டுக்கொண்டேன்: தீர்மானம், தொகை, பொறுப்பு, தேதி. மூன்றாவது கட்டத்தில் ஒரே ஒரு பெயர்தான் வர வேண்டும். இரண்டு பெயர் எழுதினால் இவன் அவனைப் பார்ப்பான், அவன் இவனைப் பார்ப்பான்.

சுதந்திர தினக் கூட்டம் அடிக்கடி ஆடிப்பூரத்தோடு முட்டிக்கொள்ளும். மன்றத்தில் பாதிப் பேர் என்னைப் போல ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். ஆண்டாள் தேரை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு யார் வருவார்கள்? தேரோட்டத்தன்று உள்ளூர் விடுமுறை வேறு. பாதிப் பேருக்குக் குறைந்தால் தீர்மானம் செல்லாது என்பது எங்கள் விதி. அதனால் தேர் நிலைக்கு வந்த பிறகுதான் கூட்டம்.

அந்த வருஷத்துப் பக்கம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. போன கூட்டக் குறிப்பு வாசிக்கப்பட்டு, ஏற்கப்பட்டு, தலைவர் கையெழுத்து. கையிருப்பு 1,260 ரூபாய். வகுப்புக்கு 50 வீதம் 12 வகுப்பு வசூல் 600. ஆக 1,860. மைக் செட் வாடகை 350. பரிசுப் புத்தகம், பேனா 700. கொடி, மிட்டாய் 300. விருந்தினருக்குப் பால்கோவா 200, பொறுப்பு நான், தேதி ஆகஸ்ட் 14. முந்தின நாள் சாயங்காலம்தான் வாங்க வேண்டும் என்று தேதிக் கட்டத்தில் குறித்திருந்தேன். அதற்கு முன்னால் வாங்கினால் வெயிலுக்குத் தாங்காது. ரசீதும் மிச்சக் காசும் பொருளாளர் அண்ணனிடம் மறுநாளே சேர வேண்டும். செலவு 1,550 போக மிச்சம் 310.

ரசீது இல்லாத செலவுதான் எங்களை ஆட்டி வைத்தது. மைக் செட்காரர் துண்டுச்சீட்டுகூடத் தர மாட்டார். பொருளாளர் அண்ணன் தானே ஒரு வவுச்சர் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, நூலில் கோத்து வைப்பார். கூட்டத்துக்குக் கூட்டம் கோத்த சீட்டுகளைக் கூட்டி, நோட்டுத் தொகையோடு ஒத்துப் பார்ப்போம். ஐந்து ரூபாய் இடித்தாலும் அன்றைக்குக் கூட்டம் முடியாது. கடைசி பஸ் போய்விடுமோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பணமாக வராததையும் எழுதச் சொன்னார் ஐயா. சத்திரப்பட்டியில் வீட்டில் பேண்டேஜ் தறி ஓடும் ஒரு பையன் விளையாட்டு விழா முதலுதவிப் பெட்டிக்குத் துணிக்கட்டு கொண்டுவந்தான். ஓரத்தில் உட்கார்ந்து வாயே திறக்காதவன். "நன்கொடை" என்று அவன் பெயரை எழுதி வாசித்தபோது காது மடல் சிவந்துபோனது அவனுக்கு.

இப்போது சென்னையில் என் அலுவலகத்திலும் வாரா வாரம் கூட்டக் குறிப்பு வருகிறது. "பரிசீலிக்கப்படும்", "ஒருங்கிணைக்கப்படும்" என்று வழுவழுவென்று இருக்கும். வாசித்து முடித்தால் ஒரு மனிதரும் அகப்பட மாட்டார். பதினாறு வயதில், இரண்டு கிலோ பால்கோவாவுக்கு நேராக என் பெயர் இருந்ததே, அந்தக் கனத்துக்குத்தான் ஏங்குகிறேன். ஊர் முழுக்க என்னை நம்பிக் காத்திருப்பதாக நினைத்துக்கொண்டு, தூக்கு வாளியை மடியில் அணைத்தபடி பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன்.

வருஷக் கடைசிக் கூட்டத்தில் நோட்டைப் புதுச் செயலாளரிடம் கொடுப்பதே ஒரு தீர்மானம். "ஒப்படைத்தேன்" என்று நான் கையெழுத்திட்டேன், "பெற்றுக்கொண்டேன்" என்று அவள். பத்தாம் வகுப்புப் பெண். மை காய்வதற்குள் பழைய பக்கங்களைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்துவிட்டாள்.

"அக்கா, கொடிக்கம்பத்துக்குப் பெயிண்ட் அடிக்கணும்னு போட்டிருக்கு. மூணாவது கட்டத்துல பேரே இல்லையே?"