ஏறாத சம்பளத்துக்கு ஒரு அறிவிப்பு

கண்டாச்சிபுரம் வட்டாரத்தில் சில அரிசி ஆலைகளுக்கும் பள்ளிகளுக்கும் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். சம்பளம் ஏறவில்லை என்று போன் வந்தால், அறிவிப்பு எழுதும் முன் பணம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடுவேன். நம் கணக்கிலேயே கிடக்கலாம், கிளம்பிப் போய்ச் சேராமல் இருக்கலாம், சேர முடியாமல் திரும்பியிருக்கலாம். மூன்றுக்கும் எழுத வேண்டியது வேறு வேறு.

யு.டி.ஆர். எண் விழுந்திருந்தால் பணம் கிளம்பிவிட்டது. நெஃப்ட் அரை மணிக்கு ஒரு தொகுப்பாகப் போகிறது. தொகுப்பு முடிந்த 2 மணி நேரத்துக்குள் பெறும் வங்கி வரவு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த நேரம் தாண்டிய பிறகுதான் "வங்கியில் தாமதம்" என்று எழுதுவேன்.

2021 ஜூலை 31, சனிக்கிழமை. ஓர் ஆலையில் 11 பேருக்கு மட்டும் சம்பளம் ஏறவில்லை. எல்லோரும் பழைய சிண்டிகேட் வங்கிக் கணக்குக்காரர்கள். அந்த வங்கி 2020 ஏப்ரலிலேயே கனரா வங்கியோடு இணைந்துவிட்டது. SYNB என்று தொடங்கும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடுகள் 2021 ஜூலை 1 முதல் செல்லாது. சம்பள மென்பொருளிலோ பழைய குறியீடே கிடந்தது. வங்கித் தளம் அந்த 11 வரிகளை மட்டும் நிராகரித்திருந்தது. பணம் ஆலைக் கணக்கை விட்டு நகரவே இல்லை. "வங்கிக் கோளாறு" என்று எழுதியிருந்தால் அது பொய்.

"தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்களால்" என்றும் எழுதவில்லை. அதைப் படித்தவுடன் முதலாளியிடம் காசில்லை என்று டீக்கடையில் பேச்சு கிளம்பிவிடும். ஒட்டியது இதுதான்:

"சிண்டிகேட் வங்கிக் கணக்கு உள்ள 11 பேருக்கு ஜூலைச் சம்பளம் இன்று ஏறவில்லை. எங்கள் மென்பொருளில் பழைய வங்கிக் குறியீடு இருந்ததே காரணம். தவறு அலுவலகத்துடையது, வருந்துகிறோம். முழுத் தொகையும் ஆகஸ்ட் 2 திங்கள் மாலைக்குள் ஏறும். இதனால் கடன் தவணை திரும்பினால், வங்கி பிடிக்கும் அபராதத்தை ஆலை தரும். சீட்டோடு கணக்கரைப் பாருங்கள்."

மாதச் சம்பளத்துக்குச் சட்டம் 7ஆம் தேதி வரை இடம் கொடுக்கிறது. தவணை அவ்வளவு நாள் பொறுக்காது. அந்த ஆகஸ்ட் 1 முதல்தான் தானியங்கித் தவணைப் பிடித்தம் ஞாயிற்றுக்கிழமையும் நடக்கத் தொடங்கியது. அன்று ஞாயிறு. முன்பெல்லாம் திங்கள்வரை கிடைத்த மூச்சு இந்த முறை இல்லை. அபராத வரியைச் சேர்த்தது அதனால்தான். முதலாளி சற்றே முகம் சுளித்தார், ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

பெயர்களை எழுதாதது வேண்டுமென்றேதான். யாருக்குக் கடன் இருக்கிறது என்பது வாசல் பலகையில் தெரிய வேண்டியதில்லை. திங்கள் பிற்பகல் வரவு விழுந்ததும் ஒவ்வொருவர் சம்பளச் சீட்டிலும் அவரவர் யு.டி.ஆர். எண்ணைக் குறித்துக் கொடுத்துவிட்டு, பலகையிலிருந்து அறிவிப்பை எடுத்துக் கோப்பில் சேர்த்தேன்.