பில் இல்லாத 800 ரூபா

யாழ்ப்பாணத்தில இருந்து கொழும்புக்கு லொறி வெளிக்கிடேக்கை சாரதி அண்ணைக்கு 60,000 ரூபா அட்வான்ஸ் குடுப்பம். திரும்பி வந்ததும் பில்களைக் கூட்டி, மிச்சக் காசை எண்ணி வாங்குவது எங்கள் வேலை.

போன கிழமை டீசலுக்கும் கட்டுநாயக்க ஹைவேக்கும் வந்த பில்கள் 47,000. மிச்சம் 13,000 வரவேணும். அண்ணை தந்தது 12,200.

“புத்தளத்தில ராத்திரி டயர் ஒட்டினது. றோட்டோரக் கடையில ஏது பில்?” எண்டார்.

சம்பளத்தில கழிக்கச் சொன்னார் முதலாளி. எங்களுக்கு மனம் வரேல்லை. ஓடின கிலோமீற்றரை டீசல் லீற்றரோட ஒப்பிட்டுப் பார்த்தம், வழக்கமான அளவுதான். டீசலில் கைவைக்காதவர் 800 ரூபாவுக்குப் பொய் சொல்லுவாரோ?

கையால வவுச்சர் எழுதி, அண்ணையின் கையெழுத்து வாங்கி, டயரின் இலக்கத்தையும் குறிச்சம். அதே டயர் அடுத்த பயணமும் கணக்கில வந்தால் பிடிபடும் எண்டபடியால், முதலாளி சைன் வைச்சார்.