சட்டைப் பையில் இருந்த 'உங்கள்'

எங்கள் பள்ளியின் பேட்ஜில் ஒரு விளக்கு இருக்கும். அதன் கீழே மூன்று லத்தீன் சொற்கள்: லூசெயாட் லக்ஸ் வெஸ்ட்ரா. சென்னை லயோலா கல்லூரியின் குறிக்கோளும் இதுதான். பள்ளி டைரியில் ஆங்கிலத்தில் அர்த்தம் போட்டிருந்தார்கள். தலைமையாசிரியர் அதை "உன் ஒளி ஒளிரட்டும்" என்று தமிழில் சொல்வார். சேரியிலிருந்து அந்தப் பள்ளிக்கு நாங்கள் நான்கு பேர் போனோம். மூன்று பேர் பத்தாம் வகுப்போடு நின்றார்கள். மேடையில் என்னை நிறுத்தி, "இவன் ஒளி ஒளிர்ந்தது பார்" என்றார்கள். மற்ற மூவரிடம் ஒளி இல்லை என்று நானும் நம்பினேன்.

சென்ற மாதம் எங்கள் மாலைநேர வகுப்பில் ஒரு தம்பி அதே பேட்ஜைக் காட்டி, "இது என்னண்ணே?" என்றான். கரும்பலகையில் சொல் சொல்லாகப் பிரித்தோம்.

'லக்ஸ்' என்றால் ஒளி. அது எளிது. 'லூசெட்' என்றிருந்தால் 'ஒளிர்கிறது' என்று பொருள். இங்கே இருப்பது 'லூசெயாட்'. ஓர் உயிரெழுத்து கூடியதால் அது நம் வியங்கோள் போல 'ஒளிர்க' என்றாகிறது. ஆக, இது நடந்துவிட்டதாகச் சொல்லும் செய்தி இல்லை, இன்னும் நடக்க வேண்டியது.

'வெஸ்ட்ரா'வில் அந்தத் தம்பி தடுமாறினான். 'ஆ' என்று முடிவதால், "பொண்ணுங்களுக்குச் சொன்னதாண்ணே?" என்று கேட்டான். இல்லை. லத்தீனில் ஒளி பெண்பால் சொல், அதோடு ஒத்துப்போகத்தான் அந்த ஈறு. ஒளிக்கு உரியவர் யார் என்பதை 'வெஸ்ட்ர்' என்ற அடி சொல்கிறது. ஒருவரிடம் சொன்னால் 'துவா', உன். பலரிடம் சொன்னால் 'வெஸ்ட்ரா', உங்கள். மரியாதைக்காகச் சொல்லும் 'உங்கள்' அல்ல, பன்மை.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அதன் வழியாகத் தமிழுக்கு வந்தபோது பன்மை தொலைந்துவிட்டது. இந்த வாக்கியம் மத்தேயு நற்செய்தியின் மலைப்பிரசங்கத்தில் இருக்கிறது. இயேசு அங்கே பேசுவது ஒரு கூட்டத்திடம். தமிழ் பைபிளிலும் 'உங்கள்' என்றுதான் இருக்கிறது. என் பெரியம்மா ஞாயிறுதோறும் அதைச் சரியாகவே வாசித்துக்கொண்டிருந்தார்.

இலக்கணத்தை அளவுக்கு மீறி இழுக்கவும் கூடாது. 'உங்கள் ஒளி' என்பது பொதுவான ஒரே விளக்கா, ஆளுக்கொரு விளக்கா என்று அந்தச் சொல் முடிவு செய்யாது. ஆனால் பலரிலிருந்து ஒருவனை மட்டும் பொறுக்கி எடுத்து மேடையேற்ற அது இடம் தரவில்லை.

வகுப்பு முடிந்ததும் அந்த மூவரில் ஒருவனுக்குப் போன் செய்தேன். இப்போது சென்ட்ரிங் வேலை பார்க்கிறான். அர்த்தத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ நாலு பேரையும்தான்டா சொல்லியிருக்கு" என்றான்.