பாய் நனைகிற ராத்திரிகள்

மகளுக்கு மூன்று வயது. பகலில் "அம்மா, மூச்சா" என்று சொல்லிவிட்டு ஓடுகிறாள். ராத்திரி மட்டும் பாய் நனைகிறது. பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் அலாரம் வைத்துத் தூக்கிப் போனேன். தோளில் தூங்கியபடியே போய்விட்டு வந்தாள். பாய் காய்ந்திருந்தது உண்மைதான். ஆனால் விழித்துக்கொண்டது நான், அவள் அல்ல.

பகலில் அடக்குவது பழக்கத்தில் வரும். ராத்திரிக் கதை வேறு. தூக்கத்தில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் வாசோபிரசின் ஹார்மோன் போதுமான அளவு சுரக்க வேண்டும். இல்லையென்றால் சிறுநீர்ப்பை நிறைந்ததும் மூளை எழுப்பிவிட வேண்டும். இரண்டும் வளர வளரத்தான் வரும். ஐந்து வயதிலும் நனைப்பது சகஜம்.

அலாரத்தை நிறுத்திவிட்டு ராத்திரிக்கு டயப்பர் போட்டுவிடுகிறேன். காலையில் டயப்பரைத் தூக்கிப் பார்க்கிறேன், கனமாக இருந்தால் இன்னும் நேரம் வரவில்லை. சில வாரம் தொடர்ந்து காய்ந்திருந்தால் கழற்றிப் பார்க்கலாம். ஆறு மாதம் நனைக்காமல் இருந்த பிள்ளை மறுபடி ஆரம்பித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, அரிதாகச் சர்க்கரை நோய்கூடக் காரணமாகலாம்.

ராத்திரி நனைப்பது பரம்பரையாகவும் வருமாம். மாமியாரிடம் கேட்டேன். "உன் புருஷன் ஏழு வயசு வரைக்கும் நனைச்சான்" என்றார். கணவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டார்.